ஏறுகிற கோடு எதைச் சொல்கிறது? வாங்கி விற்கும் வழிமுறையைச் சந்தையோடு ஒப்பிடுவது எப்படி

பங்குகளை எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று ஒரு வழிமுறையை வகுத்துக்கொண்டு அதன்படி நடப்பவர்கள், ஓராண்டோ ஈராண்டோ கழிந்ததும் தங்கள் கணக்கின் மதிப்பை வரைபடமாகப் போட்டுப் பார்ப்பார்கள். இடது கீழ் மூலையில் தொடங்கி வலது மேல் மூலையை நோக்கி ஒரு கோடு ஏறிச் செல்லும். ஆங்காங்கே சிறு பள்ளங்கள் இருந்தாலும் மொத்தத்தில் ஏற்றம்தான். இந்தக் கோட்டை ஈக்விட்டி கர்வ் என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதைக் கணக்குக் கோடு என்று அழைக்கிறேன்.

கோடு ஏறியிருப்பது உண்மை. ஆனால் அந்த ஏற்றத்தைக் கொடுத்தது வழிமுறையா, சந்தையா என்பதை அந்தக் கோடு மட்டும் சொல்லவே சொல்லாது. எல்லாப் பங்குகளும் ஏறிய காலத்தில் எந்த வழிமுறையும் ஏறும். குறியீட்டெண்ணைப் பின்பற்றும் ஒரு நிதியை வாங்கிப் போட்டுவிட்டு உறங்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை அதே தாளில், அதே நாளிலிருந்து, இன்னொரு கோடாக வரைந்தால்தான் கேள்விக்குப் பதில் தேடத் தொடங்கவே முடியும். அந்த இரண்டாவது கோட்டைச் சந்தைக் கோடு என்று வைத்துக்கொள்வோம்.

வரைவது எளிது. சரியாக வரைவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். முதல் வழுக்கல் கணக்குக் கோட்டிலேயே இருக்கிறது.

போட்ட பணமும் ஈட்டிய பணமும்

நான் முதன்முதலில் என் கணக்கை வரைந்தபோது, தரகு நிறுவனத்தின் மாதாந்திர அறிக்கையில் இருந்த 'மொத்த மதிப்பு' எண்களை அப்படியே எடுத்து வரைந்தேன். சந்தைக் கோட்டுக்கு மேலே என் கோடு கம்பீரமாக நின்றது. இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது: இடையில் நான் கணக்கில் பணம் போட்டிருந்தேன். அந்தப் பணமும் லாபம் போலவே கோட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது.

எண்களில் பார்த்தால் இதன் வீச்சு புரியும். 100-இல் தொடங்கிய கணக்கு 110 ஆகிறது. அப்போது 50 போடுகிறீர்கள், கணக்கு 160. அதன்பின் 10 சதவீதம் சரிகிறது; கணக்கு 144. வரைபடம் 100-இலிருந்து 144-க்கு ஏறியதாகக் காட்டும். உண்மையில் வழிமுறை செய்தது என்ன? 10 சதவீதம் ஏற்றி, 10 சதவீதம் இறக்கியது. 1.10 × 0.90 = 0.99. அதாவது ஒரு சதவீதம் நட்டம்.

இதற்கான தீர்வை மியூச்சுவல் ஃபண்டுகளிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே யார் எவ்வளவு பணம் போட்டாலும் எடுத்தாலும் யூனிட்டின் மதிப்பு மாறுவதில்லை. யூனிட்டுகளின் எண்ணிக்கைதான் மாறுகிறது. உங்கள் கணக்கையும் ஒரு சிறு ஃபண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒரு யூனிட்டின் மதிப்பு 1. கணக்கில் 100 இருந்தால் யூனிட்டுகள் 100. கணக்கு 110 ஆனதும் யூனிட் மதிப்பு 1.10. அன்று நீங்கள் போடும் 50-க்கு 50 ÷ 1.10, அதாவது ஏறத்தாழ 45.45 யூனிட்டுகள் புதிதாகச் சேரும். இப்போது மொத்தம் 145.45 யூனிட்டுகள். கணக்கு 144-க்குச் சரியும்போது யூனிட் மதிப்பு 144 ÷ 145.45 = 0.99. நாம் கையால் கணக்கிட்ட அதே எண். வரைய வேண்டியது இந்த யூனிட் மதிப்பைத்தான். பணம் எடுக்கும்போதும் இதே முறைதான்: எடுத்த தொகைக்கு உரிய யூனிட்டுகளைக் கழித்துவிட வேண்டும்.

தரகுக் கட்டணம், வரி, சந்தா போன்றவற்றை இந்தக் கணக்கைத் தொடாமல் வேறு பணத்திலிருந்து கட்டியிருந்தால், அவற்றையும் அந்தந்த நாளில் கழித்துவிடுங்கள். யூனிட்டுகளை ரத்து செய்யாமல் மதிப்பிலிருந்து நேராகக் கழிக்க வேண்டும், ஏனென்றால் அது நீங்கள் எடுத்துக்கொண்ட பணம் அல்ல; வழிமுறை தின்ற பணம்.

எந்தச் சந்தைக் கோடு?

இனி எதிராளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்திகளில் தினமும் சொல்லப்படும் குறியீட்டெண்களில் பெரும்பாலானவை விலைக் குறியீடுகள். நிறுவனங்கள் தரும் டிவிடெண்ட் அவற்றில் சேராது. ஆனால் குறியீட்டு நிதியை வைத்திருப்பவருக்கு அந்த டிவிடெண்டும் கிடைக்கிறது. உங்கள் கணக்கிலும் டிவிடெண்ட் வந்து விழுகிறது. ஆகவே டிவிடெண்டை மறுமுதலீடு செய்ததாகக் கொண்டு கணக்கிடும் மொத்த வருவாய்க் குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 என்று செய்தியில் வருவது விலைக் குறியீடு. அதற்கு மொத்த வருவாய் வடிவமும் தனியாக உண்டு. ஜெர்மனியின் டாக்ஸ் இதற்கு நேர்மாறு. அங்கே செய்தியில் வரும் எண்ணே டிவிடெண்டைச் சேர்த்ததுதான். ஆகவே பெயரைப் பார்த்து மயங்காமல், எடுக்கும் எண் எந்த வகை என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒன்றரை, இரண்டு சதவீத வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். 2018 இறுதியில் 100-இல் தொடங்கினால், எஸ் அண்ட் பி 500 விலைக் குறியீடு 2023 இறுதியில் 190 ஆகியிருந்தது. மொத்த வருவாய்க் குறியீடு 207 ஆகியிருந்தது. ஐந்தே ஆண்டுகளில் 17 புள்ளி இடைவெளி. இந்த இடைவெளிக்குள் பல வழிமுறைகளின் 'வெற்றி' அடங்கிப்போகும்.

இன்னொரு பொருத்தமும் வேண்டும். சிறு நிறுவனப் பங்குகளில் மட்டும் இயங்கும் வழிமுறையைப் பெரு நிறுவனக் குறியீட்டோடு ஒப்பிட்டால், சிறியவை பெரியவற்றைவிட எப்படி நடந்துகொண்டன என்பதைத்தான் அளக்கிறீர்கள், வழிமுறையை அளக்கவில்லை. எந்தக் குளத்தில் மீன் பிடிக்கிறீர்களோ அந்தக் குளத்தின் குறியீட்டையே எடுங்கள்.

இரண்டு கோடுகளை ஒன்றாக்குவது

இப்போது ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். கீழே வரும் கணக்கு நான் விளக்கத்துக்காக அமைத்தது. சந்தை எண்கள் உண்மையானவை. வழிமுறை சில மாதங்கள் எஸ் அண்ட் பி 500-இல் முழுவதுமாக இருக்கும், சில மாதங்கள் முழுவதுமாக ரொக்கத்துக்குப் போய்விடும். 2019 முதல் 2023 வரை அந்தக் கணக்கு ஆண்டுதோறும் கண்டது: 24 சதவீத ஏற்றம், 15 ஏற்றம், 22 ஏற்றம், 6 இறக்கம், 19 ஏற்றம். 100-இல் தொடங்கிய கணக்கு ஐந்தாண்டு முடிவில் 194.6. ஏறத்தாழ இரட்டிப்பு. விலைக் குறியீட்டோடு வைத்துப் பார்த்தால் (190.3) வென்றுவிட்டது. மொத்த வருவாய்க் குறியீட்டோடு வைத்தால் (207.2) தோற்றுவிட்டது.

ஆனால் கடைசிப் புள்ளியை மட்டும் பார்த்து வெற்றி தோல்வி சொல்வது போதாது. இரண்டு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தாலும் கண் ஏமாறும். இரண்டும் ஏறிக்கொண்டே இருக்கும்போது இடையிலுள்ள இடைவெளி விரிகிறதா சுருங்குகிறதா என்று கண்ணால் அளப்பது கடினம். மதிப்பு 100-இல் இருந்தபோது 5 சதவீத வித்தியாசம் சிறு விரிசலாகத் தெரியும். 200-இல் இருக்கும்போது அதே 5 சதவீதம் இரு மடங்காகத் தெரியும்.

ஆகவே ஒரு கோட்டை இன்னொரு கோட்டால் வகுத்து, அந்த விகிதத்தை மட்டும் வரையுங்கள். இந்த விகிதக் கோடுதான் முழு வேலையின் மையம். விரிதாளில் B நெடுவரிசையில் உங்கள் யூனிட் மதிப்பும், C-இல் மொத்த வருவாய்க் குறியீடும் இருந்தால், D-இல் இதை இட்டுக் கீழே இழுத்தால் போதும்:

```
=(B2/B$2)/(C2/C$2)
```

விகிதக் கோடு 1-இல் தொடங்கும். அது ஏறும் காலத்தில் வழிமுறை சந்தையை முந்துகிறது. இறங்கும் காலத்தில் பின்தங்குகிறது. படுத்திருந்தால் சந்தையோடு ஒட்டி நடக்கிறது. நம் எடுத்துக்காட்டில் ஆண்டு இறுதி விகிதங்கள் இப்படி அமைகின்றன:

2019: 0.943
2020: 0.916
2021: 0.868
2022: 0.997
2023: 0.939

ஏறிக்கொண்டே போன கணக்குக் கோட்டில் இல்லாத கதை இங்கே வெளிப்படுகிறது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பின்தங்கல். 2022-இல், சந்தை 18 சதவீதம் விழுந்த ஆண்டில், ஒரே தாவலில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மீட்டது. மறு ஆண்டு மீண்டும் பின்தங்கல். சந்தையை முந்திய ஆதாயம் முழுவதும் ஒரே ஆண்டிலிருந்து வந்திருக்கிறது.

இந்தக் கோட்டின் இன்னொரு சிறப்பு, தொடக்க நாளை வைத்துச் செய்யப்படும் மாயத்தை அது உடைத்துவிடுகிறது. இதே வழிமுறையை விற்க நினைப்பவர் 2021 இறுதியிலிருந்து வரைபடத்தைத் தொடங்கினால், கணக்கு 11.9 சதவீதம் ஏறியிருக்கும்; சந்தை 3.4 சதவீதம்தான். அழகான வெற்றி. ஒரு எண்ணைக்கூட மாற்றாமல், தொடக்கத்தை மட்டும் நகர்த்திப் பெற்ற வெற்றி. விகிதக் கோடு முழுவதும் கையில் இருந்தால், எந்த நாளிலிருந்து தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பது ஒரே பார்வையில் தெரியும். பள்ளத்தில் தொடங்குபவர் யார், மேட்டில் தொடங்குபவர் யார் என்பதும் தெரியும்.

விகிதக் கோட்டின் மூன்று வடிவங்கள்

சந்தையில் முழுவதுமாக இருப்பது அல்லது முழுவதுமாக வெளியே இருப்பது என்ற வகை வழிமுறைக்கு விகிதக் கோடு எடுக்கக்கூடிய வடிவங்கள் மூன்றுதான். உள்ளே இருக்கும்போது கோடு படுத்திருக்கும், ஏனென்றால் கணக்கும் சந்தையும் ஒன்றாக நகர்கின்றன. வெளியே இருக்கும்போது சந்தை விழுந்தால் கோடு ஏறும். வெளியே இருக்கும்போது சந்தை ஏறினால் கோடு இறங்கும். உள்ளே இருக்கும் காலத்தில்கூடக் கோடு மெல்லச் சாய்ந்துகொண்டே போனால், அது கட்டணங்களின் தடம், அல்லது சந்தைக் கோட்டில் உள்ள டிவிடெண்ட் உங்கள் கணக்கில் சேராமல் போன தடம். இதைக் கற்றுக்கொண்டால் வரைபடத்தைப் பார்த்தே எங்கே பிழை என்று சொல்லிவிடலாம்.

பலரும் அறிந்த ஒரு விதியை எடுத்து இதை அருகில் போய்ப் பார்ப்போம். மாதக் கடைசி நாளில் குறியீடு, கடந்த பத்து மாத இறுதி மதிப்புகளின் சராசரிக்குக் கீழே இருந்தால் விற்றுவிட வேண்டும். மேலே வந்ததும் மறுபடி வாங்க வேண்டும். 2020-இல் எஸ் அண்ட் பி 500-இல் இதைப் பொருத்துவோம். கணக்கு எளிதாக இருக்க, இங்கே விலைக் குறியீட்டையே எடுத்துக்கொள்கிறேன். மூன்று மாதத்தில் டிவிடெண்டின் பங்கு சிறியது.

பிப்ரவரி இறுதியில் குறியீடு 2954.22. பத்து மாதச் சராசரி 3017 அளவில் இருந்தது. விதி விற்கச் சொன்னது. மார்ச் இறுதியில் குறியீடு 2584.59. வெளியே இருந்த கணக்கு அசையவில்லை. ஆகவே விகிதக் கோடு 1.00-இலிருந்து 1.143-க்குத் தாவியது. அந்த நாளில் இந்த வரைபடத்தைப் பார்த்தவருக்கு, வழிமுறை தன் மதிப்பை நிரூபித்துவிட்டதாகவே தோன்றியிருக்கும்.

ஏப்ரலில் குறியீடு 12.7 சதவீதம் ஏறி 2912.43-இல் முடிந்தது. சராசரி அப்போது 2997 அளவில். விதி இன்னும் வெளியே இருக்கச் சொன்னது. விகிதம் 1.014-க்கு விழுந்தது. மே இறுதியில் குறியீடு 3044.31, சராசரி 3003. இப்போது விதி வாங்கச் சொன்னது. 2954-இல் விற்றதை 3044-இல் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. விகிதம் 0.970. மார்ச் மாதத்தின் பெரும் வீழ்ச்சியை முழுவதுமாகத் தவிர்த்த வழிமுறை, மூன்று மாத முடிவில் சந்தையைவிட மூன்று சதவீதம் பின்தங்கியிருந்தது.

இதனால் இந்த விதி பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 2007 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை நீண்டது போன்ற, மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகும் வீழ்ச்சிகளில் இத்தகைய விதிகள் நன்றாக உதவியிருக்கின்றன. அங்கே சந்தை உச்சத்திலிருந்து 57 சதவீதம் வரை விழுந்தது. மெதுவாகச் செயல்படும் விதிக்கும் வெளியேற நேரம் இருந்தது. 2020-இன் வீழ்ச்சி பிப்ரவரி 19-இலிருந்து மார்ச் 23-க்குள் முடிந்துவிட்டது. நான் வலியுறுத்த விரும்புவது வேறு: வெளியே போனதன் பலனை, திரும்ப உள்ளே வரும் நாள்வரை அளக்கவே கூடாது. வெளியேறியது முதல் மீண்டும் நுழைந்தது வரை ஒரு முழுச் சுற்று. விகிதக் கோட்டை எப்போதும் முழுச் சுற்றுகளின் இறுதியில் மட்டும் படியுங்கள். நடுவில் தெரியும் உச்சம் உங்களுக்குச் சொந்தமானது அல்ல.

நேர்மையான எதிராளி

இப்போது நம் ஐந்தாண்டு எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். விகிதம் 0.939-இல் முடிந்தது. அப்படியானால் வழிமுறை எந்த மதிப்பையும் சேர்க்கவில்லை என்று முடித்துவிடலாமா? நானும் சில காலம் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவசரத் தீர்ப்பு.

அந்தக் கணக்கு 60 மாதங்களில் 42 மாதங்கள்தான் சந்தையில் இருந்ததாகக் கொள்வோம். அதாவது 70 சதவீதக் காலம். எப்போதும் முழுவதுமாகச் சந்தையில் இருந்தவர் ஏற்றுக்கொண்ட ஆபத்தை இது ஏற்கவில்லை. ஏறுகிற சந்தையில் குறைவாக இருந்தவர் குறைவாகவே பெறுவார். அதில் திறமைக் குறைவு எதுவும் இல்லை. சரியான எதிராளி யார் என்றால், எந்தச் சிந்தனையும் இல்லாமல் 70 சதவீதத்தைக் குறியீட்டிலும் 30 சதவீதத்தைக் குறுகிய கால அரசுப் பத்திரத்திலும் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அந்த விகிதத்தைச் சரிசெய்துகொண்டவர். நாள் பார்த்து உள்ளே வெளியே போனது ஏதாவது செய்ததா என்பதை இந்த எதிராளிதான் காட்டுவார்.

குறுகிய கால அரசுப் பத்திர வருவாயை அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் ஏறத்தாழ 2.2, 0.5, 0, 1.5, 5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், இந்த 70-30 எதிராளி ஐந்தாண்டு முடிவில் 175.3-இல் நிற்பார். நம் கணக்கு 194.6. விகிதம் 1.11. ஆண்டுவாரியாக 1.011, 1.028, 1.045, 1.119, 1.110.

அதே கணக்கு, அதே ஆண்டுகள். முழுச் சந்தையோடு வைத்தால் 6 சதவீதம் பின்தங்கல்; சம ஆபத்துள்ள எதிராளியோடு வைத்தால் 11 சதவீதம் முன்னிலை. இரண்டு எண்களும் உண்மைதான், ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். 'இதற்குப் பதில் குறியீட்டு நிதியை வாங்கியிருந்தால் என்னிடம் அதிகப் பணம் இருந்திருக்குமா?' என்பது முதல் கேள்வி. ஆம், இருந்திருக்கும். 'உள்ளே வெளியே போகும் நாள்களைத் தேர்ந்தெடுத்ததில் ஏதாவது பலன் இருந்ததா?' என்பது இரண்டாவது. இருந்ததுபோல் தெரிகிறது. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று முடிவுசெய்யாமல் வரைபடத்தைப் பார்த்தால், மனம் தனக்குப் பிடித்த விடையை எடுத்துக்கொள்ளும்.

மாதங்களை எண்ண முடியாத வழிமுறைகளும் உண்டு. எப்போதும் சில பங்குகளை வைத்திருக்கும், ஆனால் எவ்வளவு பணம் சந்தையில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். அப்போது கணக்கின் மாத வருவாய்களையும் சந்தையின் மாத வருவாய்களையும் அருகருகே வைத்து, சந்தை ஒரு சதவீதம் நகர்ந்தால் கணக்கு சராசரியாக எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க வேண்டும். இதைத்தான் பீட்டா என்கிறார்கள். கணக்கின் வருவாய்கள் E-இலும் சந்தையின் வருவாய்கள் F-இலும் இருந்தால் விரிதாளில் ஒரே வரி:

```
=SLOPE(E3:E62, F3:F62)
```

0.7 என்று வந்தால் 70-30 எதிராளி. 1.3 என்று வந்தால் இன்னும் முக்கியம்: அந்தக் கணக்கு சந்தையைவிடக் கூடுதல் ஆபத்தை ஏற்றிருக்கிறது. ஏறும் சந்தையில் அது முந்தியதில் வியப்பில்லை. கடன் வாங்கிக் குறியீட்டை வாங்கியவரும் அப்படித்தான் முந்தியிருப்பார். விகிதக் கோடு அழகாக ஏறிய எத்தனையோ வழிமுறைகளின் ரகசியம் இந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. பீட்டா என்பது சராசரி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஓராண்டு 0.3 ஆகவும் மறு ஆண்டு 1.1 ஆகவும் இருந்த கணக்குக்கும் அது 0.7 என்றே காட்டக்கூடும்.

அதிர்ஷ்டமாக இருந்தால்?

11 சதவீத முன்னிலை. ஆனால் அதில் பாதிக்கு மேல் 2022 என்ற ஒரே ஆண்டில் வந்தது. அந்த ஐந்தாண்டில் சந்தை நட்டத்தில் முடிந்த ஆண்டும் அது ஒன்றுதான். அந்த ஒரே ஒருமுறை சரியான நேரத்தில் வெளியே இருந்தது வழிமுறையின் திறமையா, தற்செயலா?

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. வழிமுறை எந்தெந்த மாதம் உள்ளே, எந்தெந்த மாதம் வெளியே என்பதை 1, 0 என்று 60 எண்களாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிசையைக் கலைக்காமல், ஒரு மாதம் தள்ளிப் பொருத்துங்கள். கடைசியில் வெளியே விழும் எண் முதலிடத்துக்கு வரட்டும். பிறகு இரண்டு மாதம், மூன்று மாதம் என்று 59 வரை தள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே இருந்த மாதங்கள் 42-தான். தொடர்ச்சியாக எத்தனை மாதம் வெளியே இருந்தது என்ற அமைப்பும் ஏறக்குறைய அப்படியேதான். மாறுவது ஒன்றே ஒன்று: சந்தையோடு அது பொருந்திய நேரம்.

```python
import numpy as np
ends = []
for k in range(len(pos)):
    p = np.roll(pos, k)
    ends.append(np.prod(1 + p*mkt + (1-p)*cash))
```

இதில் `pos` என்பது 1, 0 வரிசை. `mkt` சந்தையின் மாத வருவாய். `cash` ரொக்கத்தின் மாத வருவாய். `ends`-இல் முதல் எண் உங்கள் வழிமுறையுடையது. மற்ற 59-உம் எந்த அறிவும் இல்லாமல் அதே அளவு வெளியே இருந்தவர்களுடையவை. அவர்களில் 20 பேர் உங்களை முந்தினால், மூன்றில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே உங்களைவிட நன்றாகச் செய்திருக்கிறார் என்று பொருள். இரண்டு பேர் மட்டும் முந்தினால் கவனிக்கத் தக்க விஷயம். நான் இதை முதன்முதலில் என் வழிமுறைக்குச் செய்தபோது அது நடுவில் எங்கோ நின்றது. அதுவரை விகிதக் கோட்டில் நான் பார்த்துப் பெருமைப்பட்ட மேட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. பத்து மாதச் சராசரி சரிவரவில்லை என்று எட்டு, பன்னிரண்டு, பதினைந்து என இருபது வகைகளை முயன்று, சிறந்ததை மட்டும் எடுத்து இந்தச் சோதனைக்கு அனுப்பினால், அது நன்றாகத்தான் தேறும். இருபதில் முதலாவதாக வந்தது, இருபதில் ஒன்று என்ற அளவு அபூர்வமாகத் தெரிவதில் எந்த அதிசயமும் இல்லை. எத்தனை வகை முயன்றீர்கள் என்பது வரைபடத்தில் எங்கும் பதிவாகாது. நீங்கள்தான் எழுதி வைத்திருக்க வேண்டும்.

அதனால் விகிதக் கோட்டில் நான் எப்போதும் ஒரு செங்குத்துக் கோடு போடுகிறேன். விதிகளை இறுதியாக எழுதி, இனி மாற்றுவதில்லை என்று முடிவெடுத்த நாளில் அது நிற்கும். அதன் இடப்பக்கம் இருப்பது விதியை வடிவமைக்கும்போது நான் ஏற்கெனவே பார்த்துவிட்ட காலம். அங்கே கோடு ஏறியே தீரும், ஏனென்றால் அப்படி ஏறும்வரைதான் விதியைத் திருத்தினேன். வலப்பக்கம் மட்டுமே வழிமுறைக்கு முன்பின் தெரியாத காலம். இடப்பக்கம் ஏறிய சாய்வு செங்குத்துக் கோட்டைத் தாண்டியதும் தட்டையாகிவிட்டால், எதைப் பொருத்தி வைத்திருந்தோம் என்பது தெரிந்துவிடும். விதியில் ஒரு சிறு எண்ணை மாற்றினாலும், அந்தச் செங்குத்துக் கோட்டை மாற்றிய நாளுக்கு நகர்த்திவிட்டு, வலப்பக்கத்தைப் புதிதாக நிரப்பத் தொடங்குகிறேன்.